கோலாலம்பூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஊரிலிருந்து வர வேண்டிய சாதிச் சான்று: எங்கே சிக்குகிறது, எப்படி மீட்பது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸிலோ, செந்தூலிலோ, பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கமோ குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் பலர். பிள்ளை இங்கேயே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும். மேற்படிப்புக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும், பொறியியல் கலந்தாய்வில் சேர்க்க வேண்டும் என்று முடிவானதும் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று என்று மூன்று காகிதங்கள் எதிரே வந்து நிற்கும். மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு ஆண்டுகள் கவலைப்பட்ட குடும்பம் இந்தக் காகிதங்களைப் பற்றிக் கடைசி இரண்டு வாரத்தில்தான் நினைக்கும். நான் பார்த்தவரை, இங்கிருந்து போகும் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டை இழப்பது தகுதி இல்லாததால் அல்ல. காகிதத்தில் இருக்கும் பெயரும் ஊரும் மதிப்பெண் பட்டியலோடு ஒட்டாமல் போவதால்தான்.

யாருக்கு இது பொருந்தும் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும், தமிழ்நாட்டைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்களுக்கு மட்டுமே. தாத்தா காலத்தில் தோட்டத்துக்கு வந்து மலேசியக் குடிமக்களாகிவிட்ட நம் குடும்பங்களுக்கு, பூர்வீகம் தஞ்சாவூராகவே இருந்தாலும், இந்த ஒதுக்கீடு கிடையாது. இந்திய வம்சாவளி அட்டையான ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களும் இதில் அடங்க மாட்டார்கள். 2021 மார்ச் 4 அன்று இந்திய உள்துறை அமைச்சு வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்விச் சேர்க்கையில் அவர்களுக்கு வெளிநாட்டு வாழ் இந்தியருக்கு நிகரான இடம்தான். இந்தியக் குடிமக்களுக்கென்றே வைத்த இடங்களில் அவர்கள் உரிமை கோர முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு மட்டும் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அதுவும் இந்தியக் குடிமக்களுக்கு இணையாக விண்ணப்பிக்கும் உரிமையைப் பற்றிய தீர்ப்பு; சாதி ஒதுக்கீட்டைப் பற்றியதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சான்று இல்லாவிட்டால் என்ன இழப்பு? தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கீட்டில் போகின்றன: பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம்களின் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 விழுக்காடு எல்லாருக்கும் பொது. சாதிச் சான்று சரிபார்ப்பில் நிற்கவில்லையென்றால் விண்ணப்பத்தையே தள்ளிவிட மாட்டார்கள். பிள்ளையைப் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். பெற்றோரை ஏமாற்றுவது இதுதான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தரவரிசை எண் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். தரவரிசையில் பிரிவு என்ற இடத்தில் ‘பொது’ என்று இருப்பதைக் கலந்தாய்வு தொடங்கும் வரை கவனிக்க மாட்டார்கள்.

ஊரில் படிக்கும் பிள்ளைக்கும் இங்கே படிக்கும் பிள்ளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் சேர்க்கையில் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. பள்ளிப் படிப்பே சாட்சி. அவர்களுடைய மாற்றுச் சான்றிதழில், அதாவது டி.சி.யில், சாதி என்ன, எந்தப் பிரிவு என்பதும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். வெளியே படித்தவர்கள் இருப்பிடச் சான்று வைத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் சாதிச் சான்று மட்டும் இருந்தால் ஒதுக்கீடு கிடைக்காது. கோலாலம்பூர்ப் பள்ளி தரும் டி.சி.யில் சாதி பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆகவே பிள்ளையின் சாதியைக் காட்டப் பிள்ளையின் பெயரில் எந்தப் பழைய ஆவணமும் இல்லை. அப்பாவின் காகிதங்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். அப்பாவின் சாதிச் சான்று, அதைவிடப் பழைய அவருடைய பள்ளி டி.சி., முடிந்தால் தாத்தாவின் பள்ளிப் பதிவு. பழைய பதிவுகளுக்கு விசாரணையில் எடை அதிகம். ஒதுக்கீட்டை எதிர்பார்த்து எழுதப்படாதவை என்பதால் அவற்றை நம்புகிறார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மாணவியின் பெயர் கார்த்திகா. அப்பா முருகேசன், தாத்தா சாமிநாதன். சொந்த ஊர் பட்டுக்கோட்டை வட்டம். குடும்பம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. கார்த்திகாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் KARTHIKA MURUGESAN என்றும், தந்தை பெயர் MURUGESAN SAMINATHAN என்றும் இருக்கிறது. ஏனென்றால் பள்ளியில் சேர்க்கும்போது கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிந்தார்கள். கடவுச்சீட்டு எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரைப் போட்டார்கள். அப்பாவின் பழைய சாதிச் சான்று அட்டையில் ‘சா. முருகேசன்’. அவருடைய டி.சி.யில் S. MURUGESAN. இப்போது பெரியப்பா ஊரில் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சொல்ல, அங்கே தட்டச்சு செய்பவர் ஒலியை வைத்து KARTHIGA M என்று அடித்துவிடுகிறார். சான்று வந்துவிட்டது, கையெழுத்தும் க்யூஆர் குறியீடும் சரியாக இருக்கின்றன. கலந்தாய்வுச் சரிபார்ப்பில் இருக்கும் அலுவலருக்கு முன்னால் இரண்டு பெயர்கள்: ஒன்றில் K, இன்னொன்றில் G, ஒன்றில் முருகேசன், இன்னொன்றில் வெறும் M. இருவரும் ஒருவரே என்று ஊகிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நிறுத்தி வைக்கிறார்.

இந்தச் சிக்கலில் எதைத் திருத்துவது என்பதில்தான் குடும்பங்கள் நேரத்தை வீணடிக்கின்றன. மதிப்பெண் பட்டியலைத் திருத்த வாரியத்துக்கு எழுதுவார்கள். அது மாதக் கணக்கில் இழுக்கும். கடவுச்சீட்டைத் திருத்தினால் இங்கே விசாவிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். புதிதாக எடுக்கும் காகிதம் சாதிச் சான்று ஒன்றுதான். ஆகவே அதைத்தான் மற்றவற்றுக்கு ஒத்துப்போகும்படி எடுக்க வேண்டும். இ-சேவையில் எந்தச் சான்றுக்கும் முன்னால் கேன் எண் என்ற ஒரு பதிவு உண்டு. பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் ஒரு முறை ஏறிவிடும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு சான்றும் அந்தப் பதிவிலிருந்தே பெயரை எடுத்துக்கொள்ளும். அங்கே G விழுந்தால் மூன்று சான்றிலும் G. எனவே பெரியப்பாவுக்கு வாயால் பெயர் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலின் படத்தை அனுப்பி, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியச் சொல்லுங்கள். பதிந்ததும் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நீங்கள் பார்த்த பிறகே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

தவறு நடந்துவிட்டால், கேன் பதிவைத் திருத்திப் புதிய விண்ணப்பம் போடுவதுதான் நேர்வழி. அதற்கு நேரம் இல்லாத நிலையில், KARTHIGA M என்பதும் KARTHIKA MURUGESAN என்பதும் ஒருவரே என்று தந்தை எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்தைச் சேர்க்கலாம். அப்பா ஊரில் இருந்தால் நோட்டரி முன் கையெழுத்திடலாம். கோலாலம்பூரில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். இங்கே வெளியில் இருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் வாங்கினால் அது மலேசிய ஆவணம். அதற்கு விஸ்மா புத்ராவின் முத்திரை, பிறகு தூதரக முத்திரை என்று படிகள் கூடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: பிரமாணப் பத்திரம் பெயர் வேறுபாட்டுக்கு விளக்கம் மட்டும்தான். அலுவலர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். எழுத்துப் பிழைக்கு அது பெரும்பாலும் போதும். சாதியின் பெயரே மாறியிருந்தால் போதாது.

சாதிப் பெயர் மாறுவது எப்படி? பல சமூகங்களுக்கு ஊரில் வழங்கும் பொதுப் பெயர் ஒன்று, அரசுப் பட்டியலில் இருக்கும் பெயர் வேறு. சில பெயர்கள் குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டும் ஒரு பிரிவில் வரும். வேறு மாவட்டத்தில் வேறு பிரிவு. அப்பாவின் பழைய அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயர் இப்போதைய பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதையே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அப்பா ஒன்று, சித்தப்பா ஒன்று என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு பெயரில் சான்று வாங்கியிருந்தால், பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பின்னாளில் சந்தேகம் வந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது இரத்த உறவுகளின் சான்றுகளைத்தான்.

விண்ணப்பம் போன பிறகு என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். tnesevai.tn.gov.in தளத்தில் சாதிச் சான்று REV-101, இருப்பிடச் சான்று REV-102, வருமானச் சான்று REV-103. விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகும். அவர் விசாரித்துக் குறிப்பு எழுதியதும் வருவாய் ஆய்வாளர், பிறகு கையெழுத்திடும் அதிகாரி. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதியினருக்குத் தாசில்தார், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். தவறான நிலையிலுள்ள அதிகாரி கையெழுத்திட்ட சான்று, உள்ளே எழுதியது எல்லாம் உண்மையாக இருந்தாலும், சேர்க்கையில் செல்லாது. பழைய கையெழுத்துச் சான்றுகளில் இந்தக் குறை இருந்தால் புதிதாக வாங்கிவிட வேண்டும்.

இந்த மூன்று மேசைகளில் இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் மேசையில்தான் நிற்கிறது. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கும், அல்லது வாடகைக்கு யாரோ இருப்பார்கள். ‘மனுதாரர் இவ்வூரில் வசிக்கவில்லை’ என்று எழுதித் திருப்பிவிடுவார். அவர் எழுதியதில் பொய் இல்லை. நாம்தான் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கவில்லை. இருப்பிடச் சான்று என்பது இப்போது அங்கே குடியிருக்கிறோமா என்பதற்கல்ல, குடும்பத்தின் சொந்த ஊர் அது என்பதற்கு. அதைக் காட்டும் ஆவணங்களை விண்ணப்பத்தோடு சேர்த்தே பதிவேற்ற வேண்டும்: தாத்தா பெயரில் பட்டா அல்லது வீட்டு வரி ரசீது, அப்பாவின் பிறப்புச் சான்று அல்லது டி.சி., பெற்றோரின் கடவுச்சீட்டில் இருக்கும் ஊர் முகவரி. வேலை நிமித்தம் மலேசியாவில் இருக்கிறோம் என்பதை மறைக்காமல் ஒரு கடிதமாக எழுதி, வேலை அனுமதியின் நகலோடு வைத்துவிட்டால், ‘வசிக்கவில்லை’ என்ற வரிக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும்.

ஊரில் ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் கைப்பேசி எண் அவருடையதாக இருக்கட்டும். கடவுச் சொல், நிலைத் தகவல் எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். இங்குள்ள எண்ணைக் கொடுத்தால் எதுவும் வந்து சேராது. அவர் தாத்தாவாக இருந்தால் வி.ஏ.ஓ. வரும்போது பதில் சொல்ல எளிது. ‘அண்ணே, வி.ஏ.ஓ. பார்த்துட்டாராமா?’ என்று தினமும் கேட்பதைவிட, விண்ணப்ப எண்ணை வாங்கி நீங்களே தளத்தில் நிலையைப் பார்ப்பது மேல். ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று இருந்தால் கேட்ட ஆவணத்தைச் சேர்த்து அதே விண்ணப்பத்தைத் தொடரலாம். ‘நிராகரிக்கப்பட்டது’ என்றால் காரணத்தைப் பார்த்து மறு விண்ணப்பம் போட வேண்டும், அல்லது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சும்மா காத்திருந்து நாளைக் கழித்தவர்கள் உண்டு. எதுவும் நகராமல் ஒரே மேசையில் கிடந்தால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் ஊரிலிருக்கும் ஆள் புகார் பதியலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். அந்த மனுவின் எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்குச் சரியான காலம், என் கருத்தில், பதினொன்றாம் வகுப்பு முடிந்து ஊருக்குப் போகும் விடுமுறை. சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை அல்ல. முன்கூட்டியே எடுத்து வைத்தால் எதுவும் கெடாது. பிள்ளைக்கு ஆதார் இல்லையென்றால் அதையும் அந்தப் பயணத்திலேயே பதிந்துவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாட்டு வாழ் இந்தியர்கள் 182 நாள் தங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

மத்திய அரசுக் கல்லூரிகளுக்குச் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாநிலச் சாதிச் சான்று ஐ.ஐ.டி.க்கும், என்.ஐ.டி.க்கும், மருத்துவத்தின் அகில இந்திய இடங்களுக்கும் போதாது. மத்தியப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்று தனியாக வேண்டும். அதற்கு வருமான வரம்பு 2017 முதல் 8 லட்சம் ரூபாய், சான்றும் பொதுவாக அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டில் அந்த வருமான வரம்பு கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அப்பா எவ்வளவு சம்பாதித்தாலும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பொருந்தும். இதைத் தெரியாமல் ‘மலேசியாவில் சம்பளம் வாங்குகிறோம், நமக்குக் கிடைக்காது’ என்று விட்டுவிட்ட குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் வருமானச் சான்று எதற்கு? கட்டணச் சலுகைகளுக்கு. இங்கேதான் ரிங்கிட் கணக்கு ஒரு பொறியாகிறது. உணவகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,400 ரிங்கிட். கணக்குக்கு எளிதாக ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்றால் 4,08,000 ரூபாய். இங்கே அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் பிடிக்கக் கஷ்டப்படும் சம்பளம். காகிதத்தில் அதுவே, 2,50,000 ரூபாய் வரம்பு வைத்திருக்கும் கல்வி உதவித்தொகைகளைத் தாண்டிவிடுகிறது. ஆனால் பெற்றோர் வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான கல்விக் கட்டணச் சலுகை இடங்களுக்கு, அதாவது டி.எஃப்.டபிள்யூ. இடங்களுக்கு, அவர் பிள்ளை தாராளமாகத் தகுதி பெறும். ஒரு பாடப்பிரிவின் இடங்களுக்கு மேல் கூடுதலாக 5 விழுக்காடு அளவில் வைக்கும் இடங்கள் அவை. கல்விக் கட்டணம் மட்டும் தள்ளுபடி, விடுதிச் செலவு இல்லை.

பலர் செய்யும் தவறு இங்கேதான். ஊருக்கு அனுப்பும் பணத்தை மட்டும் வருமானமாகக் காட்டுவார்கள். அதே ஆள் மாதம் 900 ரிங்கிட் அனுப்பினால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய், வரம்புக்குள் வந்துவிடும். வி.ஏ.ஓ.வுக்கு மலேசியச் சம்பளத்தை விசாரிக்க வழி இல்லை, நாம் சொன்னதை வைத்தே எழுதிவிடுவார். சான்றும் கிடைத்துவிடும். ஆனால் கல்லூரி சேர்ந்த பிறகு வங்கிக் கணக்கோ, கல்விக் கடன் விண்ணப்பத்தில் கொடுத்த சம்பளக் கடிதமோ அதற்கு முரணாக வரும்போது, பொய்த் தகவல் கொடுத்தவர் பெற்றோர்தான். கேட்பது பெற்றோரின் மொத்த வருமானம். செலவு போக மீதியோ, அனுப்பிய தொகையோ அல்ல. முதலாளி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக்குள் தர வேண்டிய ஈ.ஏ. படிவத்தையும் மாதச் சம்பளச் சீட்டுகளையும் வைத்து முழுத் தொகையையும் காட்டுங்கள். எந்த நாளின் நாணய மாற்று விகிதம் என்பதையும் விண்ணப்பக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஊரில் நிலத்திலிருந்து வரும் வருமானமும், மனைவிக்குச் சம்பளம் இருந்தால் அதுவும் சேர வேண்டும். இந்தச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே சாதிச் சான்றைப் போல முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது. சேர்க்கை ஆண்டில்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சான்று வராமல் சரிபார்ப்பு நாள் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் விண்ணப்பத்தில் உண்மையான பிரிவையே குறிப்பிட வேண்டும். சான்று கையில் இல்லையே என்று பொதுப் பிரிவு எனப் போட்டுவிட்டால், பிறகு மாற்றுவது மிகக் கடினம். விண்ணப்ப எண் இருக்கும் இ-சேவை ஒப்புகைச் சீட்டு, அப்பாவின் சாதிச் சான்று, முன்பு சொன்ன புகார் மனுவின் எண் ஆகியவற்றோடு, சான்று வந்ததும் தருவேன் என்ற கடிதத்தைப் பதிவேற்றி, அருகிலுள்ள சேர்க்கை உதவி மையத்திலும் நேரில் ஒரு நகல் கொடுக்க வேண்டும். ஊரிலிருக்கும் ஆள் இதைச் செய்யலாம். தரவரிசை வெளியானதும் குறைகளைச் சொல்லச் சில நாட்கள் தருவார்கள். பிரிவு தவறாக வந்திருந்தால் திருத்திக்கொள்ள அதுதான் கடைசி வாய்ப்பு. இடையில் சான்று வந்துவிட்டால் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

இங்கேதான் தேதிகள் உதவுகின்றன. தகுதி வேறு, தகுதிக்கான சான்று வேறு என்ற பாகுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் நீண்ட காலமாகச் செய்து வருகிறது. ஒடிசா மருத்துவச் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள் கொடுத்த முதல் சான்று, அதை வழங்கிய அலுவலகத்தின் பிழையால் தவறாக இருந்தது. திருத்திய சான்றைப் பின்னர் கொண்டுவந்தார். 2004இல் டாலி சாந்தா வழக்கில், கடைசி நாளில் தகுதி இருந்திருந்தால் போதும், அதற்கான காகிதத்தைக் கொடுப்பது நடைமுறை சார்ந்தது, அதில் இறுக்கம் காட்டக் கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் கடைசித் தேதியைக் கறாராகப் பிடித்த தீர்ப்புகளும் பின்னர் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது, தாமதம் யாருடையது என்பதற்கான ஆதாரம். மார்ச்சில் விண்ணப்பித்தேன், ஏப்ரலில் புகார் கொடுத்தேன், ஜூனில்தான் கையெழுத்தானது என்று எண்களோடு காட்ட முடிந்தவரும், சரிபார்ப்புக்கு முந்தின நாள் இ-சேவைக்குப் போனவரும் நீதிமன்றத்தின் முன் ஒன்றல்ல.

சான்று தாமதமாவது ஒரு வகை. கையில் இருக்கும் சான்றையே சந்தேகிப்பது இன்னொரு வகை. கல்லூரியோ சேர்க்கைக் குழுவோ சான்றைத் தாமாகவே செல்லாது என்று அறிவிக்க முடியாது. அவர்கள் வழங்கிய அதிகாரிக்கு அனுப்பி உண்மைத்தன்மை கேட்கலாம். அது வெறும் பதிவுச் சரிபார்ப்பு. இணையச் சான்றானால் எண்ணை வைத்து உடனே பார்த்துவிடுவார்கள். சாதி உரிமையே கேள்வியானால் பட்டியல் சாதிக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புக் குழுவும், பழங்குடிக்கு மாநில அளவிலான ஆய்வுக் குழுவும்தான் விசாரிக்க வேண்டும். மதம் மாறிய குடும்பங்களில் இது அடிக்கடி எழும்: பட்டியல் சாதி உரிமை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே உண்டு. பிள்ளைக்குக் கிறித்தவப் பெயர் வைத்திருந்தால், பெயரை மட்டும் பார்த்தே கேள்வி வரலாம். அப்போது எந்த மதத்தைக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதை 1994 செப்டம்பர் 2 அன்று குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது. சந்தேகம் இருந்தால் காரணத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பதில் சொல்லக் காலமும், ஆதாரம் வைக்க வாய்ப்பும் தர வேண்டும். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். நம் விஷயத்துக்கு முக்கியமான வரி வேறு. விசாரணை முடியும் முன் சேர்க்கையின் கடைசி நாள் வந்துவிட்டால், ஏற்கெனவே உள்ள சான்றையோ பெற்றோரின் பிரமாணப் பத்திரத்தையோ வைத்து, விசாரணை முடிவுக்குக் கட்டுப்பட்டு, தற்காலிகமாகச் சேர்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. கல்லூரியில் ‘விசாரணையில் இருக்கிறது, சேர்க்க முடியாது’ என்று வாயால் சொன்னால், தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டுத் தற்காலிகச் சேர்க்கை கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அந்தக் காகிதம்தான் வேண்டும். கலந்தாய்வுக் காலத்தில் நாட்கள் குறைவு என்பதால், இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிவிப்பு எங்கே போகும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தனிக் கவலை. அது விண்ணப்பத்தில் உள்ள ஊர் முகவரிக்குத்தான் போகும். வீடு பூட்டியிருந்தால் திரும்பிவிடும்; பதில் இல்லை என்று பதிவாகி, ஒருதலையாக முடிவெடுத்துவிடலாம். ஆகவே முகவரியில் இருப்பவருக்கு, அரசு முத்திரையோடு எது வந்தாலும் பிரித்துப் படம் எடுத்து அன்றே அனுப்பச் சொல்லி வையுங்கள். பிள்ளை சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி என்ன என்று கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2017இல் பஹிரா வழக்கில், பொய்யென்று நிரூபணமான சான்றால் பெற்ற கல்வியையும் வேலையையும், எவ்வளவு காலம் கடந்தாலும், ஏமாற்றும் எண்ணம் இல்லாதிருந்தாலும் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பானது. அப்பாவின் டி.சி., தாத்தாவின் பதிவு, எல்லா ஒப்புகைச் சீட்டுகளும் ஒரே உறையில், மூலம் ஊரிலும் நகல் இங்கேயுமாக, பிள்ளை வேலைக்குப் போய்ச் சரிபார்ப்பு முடியும் வரை இருக்கட்டும்.